அறுபது மாசமும் அக்காவின் கட்டைவிரலும்

என் முன்பல் இரண்டும் செங்கல்பட்டில் ஒரு ஐஸ் கம்பெனியின் சிமெண்டுத் தரையில் விழுந்தன. தேடினேன், கிடைக்கவில்லை. உடைந்த ஐஸும் பல்லும் ஒரே நிறம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் பல்லைப் பார்த்துவிட்டு "கிரிக்கெட்டா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். வருமான வரியில் போன பல் என்று சொன்னால் எவன் நம்புவான்?

அடித்தவன் கம்பெனி முதலாளியின் மச்சினன். அடித்தது ஐஸ் பாரைத் தூக்கும் இரும்பு இடுக்கியால். ஆனால் பல் போனதற்கு நியாயமாகப் பார்த்தால் நான்தான் காரணம். நான் டைப் அடித்த ஒரு தாள்தான் காரணம்.

எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே. நான் பி.காம் முடித்துவிட்டு செங்கல்பட்டில் ஒரு ஆடிட்டரிடம் இருந்தேன். காலையில் கல்பாக்கம் பஸ் போகிற ரோட்டில் நின்று, கிடைத்ததில் தொற்றிக்கொண்டு வந்தால் ஒன்பதரைக்கு டைப்ரைட்டர் முன்னால். வேகத்தில் என்னை அடிக்க அந்த டவுனில் ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு எண்ணம். தப்பையும் அதே வேகத்தில் அடிப்பேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஷேர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டில் அந்த ஐஸ் கம்பெனியை ஆரம்பித்தபோது முதல் போதவில்லை. கரையில் மீன் வாங்கி விற்கிறவர்களிடம் பணம் வாங்கி, பதிலுக்கு ஷேர் கொடுத்தார்கள். எங்கள் நைனா பத்து ரூபாய் ஷேர் நானூறு எடுத்தார். நாலாயிரம் ரூபாய். அதற்காக ஒரு பெரிய வலையையும் அம்மாவின் சங்கிலியையும் விற்றார் என்று வீட்டில் சொல்வார்கள். அது பிரைவேட் லிமிடெட். மார்க்கெட்டில் ரேட் கிடையாது, பேப்பரில் விலை வராது. விற்க வேண்டுமென்றால் இன்னொரு பங்குதாரருக்கு விற்கலாம். வெளியாளுக்கு விற்க டைரக்டர்கள் சம்மதிக்க வேண்டும். இருபது வருஷம் அந்தச் சர்டிபிகேட்டுகள் டிரங்குப் பெட்டியில் கருவாட்டு வாசனையோடு கிடந்தன. அப்புறம் இறால் ஏற்றுமதி வந்தது. ஐஸுக்குக் கிராக்கி வந்தது. பத்து ரூபாய்க் காகிதத்துக்குத் திடீரென்று ஆள் வந்தார்கள்.

நைனா எழுபத்து மூன்றில் போனார். உயிலில் என் படிப்பை என் பங்காகப் போட்டுவிட்டு, ஷேர் நானூறையும் அக்காவுக்கு எழுதியிருந்தார். கம்பெனி ரிஜிஸ்டரில் அக்கா பேரும் ஏறியது.

அக்காவை எங்கள் கரையில் எதிர்த்துப் பேசுகிறவன் இரண்டாம் முறை பேசமாட்டான். மாமா கல்பாக்கத்தில் கட்டட காண்ட்ராக்டில் கம்பி கட்டுகிறவர், சாது. வீட்டில் மீசை அக்காவுக்குத்தான் என்று மாமாவே சொல்வார். கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, வியாபாரிகளின் லாரியில் மெட்ராஸுக்கு அனுப்புவாள். லாரிக்காரன் வைத்ததுதான் வாடகை. அவன் வர லேட்டானால் மீன் நாறும், நஷ்டம் அக்காவுக்கு. ஒருமுறை அப்படி நாறின சங்கரா மீன் ஒரு கூடையை அந்த டிரைவரின் சீட்டில் கொட்டி, அதன் மேலேயே அவனை உட்காரவைத்து மெட்ராஸ் வரை ஓட்ட வைத்தாள்.

எழுபத்தாறில் அவளுக்கு ஒரு வேன் அமைந்தது. சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு மெக்கானிக்கிடம் நின்ற பழைய வேன். ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள். பாக்கி இருபதாயிரம். நாற்பத்தைந்து நாளில் கொடுக்கவில்லையென்றால் அட்வான்ஸும் இல்லை, வேனும் இல்லை. அதே வேன் மேல் லாரி வைத்திருந்த வியாபாரி ஒருத்தனுக்கும் ஒரு கண் இருந்தது.

ஷேரை விற்பது என்று முடிவானது. இரண்டு பேர் கேட்டார்கள். ஒருத்தர் இறால் ஏற்றுமதிக்காரர், அவரும் அந்தக் கம்பெனியில் பங்குதாரர். ஷேருக்கு அறுபது ரூபாய், செக்கில். மொத்தம் இருபத்து நாலாயிரம். இன்னொருத்தர் முதலாளியே. அவர் அக்காவைக் கூப்பிட்டுவிட்டார். நானும் போனேன்.

"தங்கச்சி, அவன் அறுபதுன்னுவான். கவர்மெண்டு வந்து புடுங்கிக்கினு போறத யார் சொல்றது? ஷேர் உன் பேருக்கு வந்து எத்தினி வருசம் ஆவுது?"

"மூணு ஆவப்போவுது."

"அஞ்சு வருசம் வெச்சிருந்தாத்தான் சலுகை. அஞ்சு ஆவல. அப்பறம், இன்னா போட்டு வாங்கின நீ? ஒண்ணும் போடல. சும்மா வந்தது. வர்றது அத்தினியும் லாபம். அத்தினிக்கும் வரி. வேணும்னா உன் தம்பிய கேளு, கணக்குப் படிச்ச புள்ள."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பேனாவை எடுத்தேன். எனக்கு அப்போது இருந்த திமிருக்கு, தெரியாது என்ற சொல்லை நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

"கரெக்ட்டுதாங்க்கா. அறுபது மாசத்துக்கு மேல கையில இருந்தாத்தான் நீண்ட கால ஆதாயம். இது குறுகிய காலம். மொத்தமா உன் வருமானத்தோட சேரும்."

ஆபீஸுக்குப் போய் தாளில் அடித்தேன். அக்காவின் வியாபார வருமானம் வருஷத்துக்கு ஆறாயிரம். அதோடு இருபத்து நாலாயிரத்தைக் கூட்டினேன். வாங்கிய விலை என்ற இடத்தில் சுழி போட்டேன். வைத்திருந்த காலம் என்ற இடத்தில், ரிஜிஸ்டரில் அவள் பேர் ஏறிய தேதியிலிருந்து எண்ணி, முப்பத்திரண்டு மாசம் என்று போட்டேன். வரி ஐயாயிரத்தைத் தாண்டியது. கையில் நிற்பது பத்தொன்பதாயிரத்துக்கும் கீழே. வேனுக்கு ஆயிரத்துச் சொச்சம் உதைத்தது.

அந்த எண்ணிக்கையை எந்தக் காலேஜிலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. குப்பத்தில் கற்றது. அப்பன் போய்விட்டால் அவன் கட்டுமரத்தை மகன் கரைக்கு ஏற்றி, பேரை அழித்துப் புதுப்பேர் எழுதி, தேங்காய் உடைத்துத் தண்ணீரில் தள்ளுவான். அன்றிலிருந்துதான் அந்த மரத்துக்கு வயசு. அப்பன் ஓட்டின வருஷத்தை எவனும் சேர்க்கமாட்டான். சேர்த்தால் ஆகாது என்று சண்டைக்கு வருவார்கள். நானும் ஷேர் சர்டிபிகேட்டுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு எண்ணியிருக்கிறேன். பி.காம், செகண்ட் கிளாஸ்.

தாளைப் பார்த்ததும் முதலாளி சிரித்தார். "நான் சொல்லல? இப்ப நான் ஒரு வழி சொல்றேன். ஷேர் அம்பது ரூபா குடுக்கறேன். பத்திரத்துல பத்து. வாங்கின வெலயே பத்து, வித்த வெலயும் பத்து. லாபமும் இல்ல, வரியும் இல்ல. மீதி நாப்பது கையில. இருவதாயிரம் சொளையா. வேனு உன்து."

நான் தாள் அடிக்கப் போவதற்கு முன்னால் சும்மா வந்தது, வாங்கின விலை கிடையாது என்று சொன்ன மனுஷன், இப்போது வாங்கின விலை பத்து என்கிறார். அது எனக்கு உறைக்கவில்லை. இருபதாயிரம் என்ற எண்ணில் நாங்கள் இரண்டு பேருமே மயங்கிவிட்டோம். அக்கா ஷேரைப் பேர் மாற்றும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். சர்டிபிகேட்டுகளைக் கொடுத்தாள். முதலாளி நாலாயிரம் எண்ணி வைத்தார். "மீதி பதினாறாயிரம் புதன்கெழம. போர்டு மீட்டிங்கு முடிஞ்ச கையோட."

அந்தத் தாளின் கார்பன் காப்பி ஆபீஸ் மேஜையில் கிடந்தது. திங்கட்கிழமை ஆடிட்டர் அதை எடுத்துப் படித்தார். படித்து முடித்ததும் பேப்பர்வெயிட்டை என்மேல் எறிந்தார். கண்ணாடிக் குண்டு. காதை உரசிக்கொண்டு போய் காலண்டரில் பட்டது.

"யாருய்யா இந்தக் கணக்குப் போட்டது?"

"நான்தான் சார்."

"உங்கப்பா உயில்ல எழுதி வெச்சதுதானே இது?"

"ஆமா சார்."

"உயில்ல வந்தா, வாரிசா வந்தா, தானமா வந்தா, முந்தினவர் வெச்சிருந்த காலமும் சேரும். அவர் ஐம்பத்திரண்டுல வாங்கினார். இருபத்து நாலு வருஷம். முப்பத்திரண்டு மாசமாம்! அவர் போட்ட விலைதான் இவளுக்கும் விலை. சுழியாம்! ஐம்பத்துநாலு ஜனவரி ஒண்ணுக்கு முன்னாடி வாங்கினது, அதனால அன்னிக்கு இருந்த மதிப்பைக்கூட விலையா எடுத்துக்கலாம். எது ஜாஸ்தியோ அது. உங்கப்பா அந்த வருஷத்து பாலன்ஸ் ஷீட்டு வெச்சிருக்காரா?"

டிரங்கில் இருந்தது. அச்சடித்த அறிக்கை. அதைக்கொண்டு ஆடிட்டர் பின்னால் பதின்மூன்று ரூபாய் என்று மதிப்புப் போட்டார். நானூறுக்கு ஐயாயிரத்து இருநூறு. நீண்ட கால ஆதாயம் என்பதால் முதல் ஐயாயிரம் கழிவு, மீதியிலும் ஒரு பெரிய பங்கு கழிவு. அறுபது ரூபாய்க்கு விற்றால் வரி ஆயிரத்துச் சில்லறைதான் வரும். கையில் இருபத்து இரண்டாயிரத்துக்கும் மேலே. வேன் வாங்கி, டயரும் மாற்றலாம்.

"சார், அவ பத்து ரூபாய்னு கையெழுத்துப் போட்டுட்டா."

ஆடிட்டர் எறிய இன்னொரு பேப்பர்வெயிட் இல்லை. "பத்துன்னு போட்டுட்டு கைல ஐம்பது வாங்கறதா? மதிப்பை விட்டுக் குறைச்சுக் காட்டினா டிபார்ட்மெண்டு உண்மை விலையைப் போடும். மாட்டறது அவ. அதவிட, மீதி பதினாறாயிரத்துக்கு என்ன எழுத்து இருக்கு?"

எழுத்து எதுவும் இல்லை.

கரைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். பாறை மீனை வகுந்துகொண்டிருந்தாள். முழுசையும் கேட்டாள். கத்தியைக் கீழே வைத்தாள். அதே கையால் விட்டாள் ஒரு அறை. என் கன்னமெல்லாம் செதில்.

"படிச்ச நாயே. தெரிலன்னு சொல்ல உனுக்கு வாயில இன்னாடா அடச்சிகினு கீது?"

"அக்கா, இன்னும் ரிஜிஸ்டர்ல ஏறல. புதன்கெழமதான் மீட்டிங்கு. பத்திரத்த வாங்கிட்டா..."

"வா."

கூட ஐந்து பேர் வந்தார்கள், எல்லாம் மீன்காரிகள். அந்த வேன் வந்தால் அதில் அவர்களுக்கும் கூடை இடம். பஸ்ஸில் கண்டக்டர் ஏதோ வாய்விட, ஒருத்தி அவன் விசிலைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். நல்ல சகுனம் என்று அக்கா சொன்னாள்.

ஐஸ் கம்பெனிக்குள் அம்மோனியா நெடி கண்ணைக் குத்தும். ஒரு பக்கம் உப்புத் தண்ணித் தொட்டி, தகர டப்பாக்களில் ஐஸ் உறைந்துகொண்டிருக்கும். இன்னொரு பக்கம் பார்களை இழுத்து கிரஷரில் போடுவார்கள். நடுவில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஆபீஸ் ரூம். முதலாளி உள்ளே இருந்தார். மச்சினன் வாசலில்.

அக்கா நாலாயிரத்தை மேஜையில் வைத்தாள். "அண்ணாத்த, என் காயிதத்த குடு. நான் விக்கல."

"இன்னா தங்கச்சி, கையெழுத்துப் போட்டது போட்டதுதான். பத்து ரூபாக்கு வித்த, பத்து ரூபா வாங்கின."

"அம்பது சொன்னியே."

"யார் சொன்னது? எங்க எழுதிகீது?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியவில்லை. அக்கா மேஜையில் இருந்த இங்க் பாட்டிலை எடுத்து அடித்தாள். அவர் குனிந்தார், கண்ணாடித் தடுப்பு நொறுங்கியது. வெளியே நின்ற ஐந்து பேரும் அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

அடுத்த பத்து நிமிஷத்தை வரிசையாக என்னால் சொல்ல முடியாது. மச்சினன் ஒருத்தியின் கொண்டையைப் பிடித்துத் தரையில் இழுத்தான். நான் அவன் முதுகில் தாவினேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல். அவன் உதறினான், நான் ஐஸ் மேல் சறுக்கி விழுந்தேன், இடுக்கியின் பிடி என் வாயில் இறங்கியது. ரத்தம் உப்பாக இருந்தது. வெள்ளை ஐஸ் மேல் அது சட்டென்று பரவி ரோஸ் கலரானது. என்னைவிட அதைப் பார்த்துத்தான் கிரஷர் ஆட்கள் மெஷினை நிறுத்தினார்கள்.

அக்கா பார்த்தாள். சுவரில் தொங்கிய ஐஸ் கொக்கியை எடுத்தாள். மச்சினனின் தோளில் ஒரு போடு. சட்டையோடு சதை கிழிந்தது. அவன் அலறிக்கொண்டே திரும்பி அவள் வலது கையைப் பிடித்து இரும்புக் கதவின் சந்தில் வைத்துக் கதவை அடித்தான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம்.

அவள் கத்தவில்லை. இடது கையால் அவன் மூக்கில் குத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் அவன் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் அவனைச் சும்மா விடவில்லை. ஒருத்தி அவன் தலையை உப்புத் தொட்டிக்குள் அமுக்கினாள். "போதும்டீ, செத்துருவான்" என்று அக்காவே சொல்ல வேண்டியதாயிற்று.

முதலாளி மேஜைக்கு அடியில் இருந்தார். அக்கா குனிந்து, ரத்தம் சொட்டுகிற கொக்கியை இடது கையில் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"டேசனுக்குப் போலாமா? நீ போயி இவ அடிச்சான்னு சொல்லு. நான் எல்லாத்தியும் சொல்றேன். காயிதத்துல பத்து, கையில அம்பதுன்னு சொன்னியே, அத்தியும் சொல்றேன். வருமான வரி ஆபீசுக்கும் சேத்து சொல்றேன். என்னிய மட்டுமா புடிப்பான்?"

அது எமர்ஜென்சி காலம். பெரிய பணக்காரன் எல்லாம் கதவு தட்டினால் வேர்த்த காலம். முதலாளி எழுந்து பீரோவைத் திறந்தார். சர்டிபிகேட்டுகளும் பத்திரமும் வந்தன. பத்திரத்தை அக்காவால் கிழிக்க முடியவில்லை, ஒரு கைதான் இருந்தது. நான் கிழித்தேன். அவள் கொண்டுவந்த நாலாயிரம் ஐஸ் தண்ணியில் நனைந்து மேஜையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் எடுக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தோம். போலீசுக்கு இரண்டு பக்கமும் போகவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அக்கா கைக்கு மாவுக்கட்டு. கட்டைவிரல் இரண்டு இடத்தில் முறிவு. ஆறு வாரம் அசைக்கக் கூடாது. எனக்குப் பஞ்சு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"வலிக்குதா?" என்று கேட்டேன். பல் இல்லாததால் காற்றுதான் வந்தது.

"உன் மூஞ்சிய பாத்தா சிரிப்பு வருது. சிரிச்சா கை வலிக்குது. அந்தாண்ட திரும்பி குந்து."

இப்போது நேர்வழி. புதுப் பத்திரம் வாங்கி, கம்பெனிப் பதிவாளர் ஆபீஸில் தேதி முத்திரை போட்டு வர எட்டு நாள். பங்குதாரர் இன்னொரு பங்குதாரருக்கு விற்றால் டைரக்டர்கள் மறுக்க அந்தக் கம்பெனி விதியில் இடமில்லை என்று ஆடிட்டர் படித்துச் சொன்னார். அக்கா இடது கையால் கையெழுத்துப் போட்டாள். ஏற்றுமதிக்காரர் பத்திரத்தைக் கம்பெனிக்கு அனுப்பினார்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. விற்பவரின் கையெழுத்து கம்பெனியில் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒரே வரி. மச்சினன் முறித்த விரலை வைத்தே முதலாளி அடுத்த அடி அடித்திருந்தார்.

"அதிகாரி முன்னாடி சான்று வாங்கி அனுப்பலாம். அதுக்கும் ஏதாவது கொக்கி போடுவான், இழுப்பான்" என்றார் ஆடிட்டர். "கட்டு எப்போ பிரிப்பாங்க?"

"இன்னும் பதினெட்டு நாளு."

"வேனுக்குக் கெடு?"

"ஆறு."

ஏற்றுமதிக்காரரும் ரூமில்தான் இருந்தார். நல்ல மனுஷன், ஆனால் வியாபாரி. "கம்பெனி ஏத்துக்கற கையெழுத்து இருந்தா இப்பவே செக் எழுதறேன்மா. இல்லாம நான் எப்படி எழுத?"

அக்கா எழுந்தாள். மேஜையில் என்மேல் எறிந்த அதே கண்ணாடிக் குண்டு இருந்தது, காலண்டரிலிருந்து திரும்பி வந்து. இடது கையில் எடுத்தாள். வலது கையை மேஜை விளிம்பில் வைத்தாள். நான் எழுவதற்குள் மாவுக்கட்டின் மேல் இறக்கினாள். ஒருமுறை. வெடிப்பு விழுந்தது. இரண்டாம் முறை. ஆடிட்டர் "அம்மா, அம்மா" என்று நாற்காலியோடு பின்னால் போனார். மூன்றாவது அடியில் கட்டு பிளந்து சுண்ணாம்புத் தூள் ஃபைல்கள் மேல் கொட்டியது. உள்ளே இருந்த விரலைப் பார்த்தால் விரல் மாதிரியே இல்லை. ஊதி, கருநீலமாக, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"டேய், பேனாவ குடு."

"அக்கா, வேணாங்க்கா, எலும்பு இன்னும்..."

"குட்றா, பரதேசி. நீ போட்ட சுழிக்கு நான் போட்ற கையெழுத்து இது."

பேனாவை அந்த விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் செருகினேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அவள் பேரில் ஒரு பெரிய சுழிப்பு வரும். அந்தச் சுழிப்பில் வரும்போது அவள் நெற்றியிலிருந்து வேர்வை பத்திரத்தின் ஓரத்தில் சொட்டியது. முடிந்ததும் பேனா விழுந்தது, அவளும் நாற்காலியில் விழுந்தாள். ஆடிட்டர் மாதிரிக் கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏற்றுமதிக்காரர் பார்த்தார். செக் புத்தகம் திறக்கிற சத்தம் மட்டும்.

கம்பெனி இந்த முறை திருப்பி அனுப்பவில்லை. அனுப்பினால் அடுத்து எதை உடைப்பாள் என்று முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாற்பத்து மூன்றாம் நாள் வேன் எங்கள் கரைக்கு வந்தது. மணலில் சிக்கி நின்றது. இருபது பேர் தள்ளினோம். அக்கா தள்ளவில்லை, மறுபடி மாவுக்கட்டு. பின்னால் நின்று திட்டிக்கொண்டிருந்தாள். லாரி வியாபாரி பார்த்துக்கொண்டு போனான், நின்று பேசவில்லை.

அடுத்த வருஷம் வருமான வரி ஆபீஸில் அதிகாரி கூப்பிட்டார். ஆடிட்டர், அக்கா, நான். நைனாவுக்கு ஐம்பத்திரண்டில் ஷேர் ஒதுக்கிய கடிதம், உயில் நகல், ஐம்பத்து நாலாம் வருஷத்துக்கான பாலன்ஸ் ஷீட், எல்லாவற்றையும் வைத்தோம். கடிதத்தில் மீன் எண்ணெய்க் கறை. அதிகாரி மூக்கைச் சுளித்துக்கொண்டே தேதியை மட்டும் இரண்டுமுறை படித்தார். அப்பா வாங்கிய நாளிலிருந்து எண்ணினார், விற்ற நாள் வரை. நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று ரூபாய் மதிப்பைப் பற்றி நாலு கேள்வி கேட்டார், ஆடிட்டர் நாலுக்கும் பதில் சொன்னார். நீண்ட காலம் என்று ஒத்துக்கொண்டார்.

அப்புறம் அவர் ஒரு விஷயத்தில் நின்றார். ரிட்டர்னில் உள்ள கையெழுத்தும் பத்திரத்தில் உள்ள கையெழுத்தும் ஒரே மாதிரி இல்லையே?

"ஏம்மா, ரெண்டும் நீங்க போட்டதுதானா?"

அக்கா வலது கையை மேஜைமேல் வைத்தாள். கட்டைவிரல் வெளிப்பக்கம் வளைந்து நின்றது. அது அப்படியேதான் கூடியிருந்தது. மடக்க வராது. அதற்கப்புறம் அவளால் பழைய சுழிப்பைப் போட முடிந்ததே இல்லை.

"பத்திரத்துல போட்டது பழைய கை சார். இது அதுக்கு அப்பறம் போட்டது."

அதிகாரி விரலைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார். இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கேட்கவில்லை. சலானில் கட்டின தொகையைச் சரிபார்த்துவிட்டு ஃபைலைக் கட்டினார்.

வெளியே வேன் நின்றது. அக்கா முன்சீட்டில் ஏறி, வளைந்த விரலால் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள். டிரைவர் கிளப்பினான்.

"ஏறுடா. இந்த விரலுக்கு எத்தினி மாசம் ஆவுது, சொல்லு பாப்போம்."

நான் எண்ணிப் பார்த்தேன். அப்புறம் சொன்னேன்: "தெரிலக்கா."

"இப்பதான் படிச்சவன்" என்றாள்.